எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து

தம்பியின் இடது கையை உடைக்கும்போது அவனுடைய பழைய கூட்டாளி சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "வலது கையில கை வெக்காதீங்கடா. அது கையெழுத்துப் போடற கை."

தம்பியின் பட்டறையில் நானும் நின்றிருந்தேன். பேட்டண்ட் விண்ணப்பத்துக்காக அவன் வரைந்த படங்களை வாங்க வந்திருந்தேன். ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு பேர் தம்பியைப் பட்டறை மேசைமேல் குப்புற அழுத்தினார்கள், ஒருவன் என்னைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான், ஒருவன் சம்மட்டியால் மெஷின்களை அடித்துக்கொண்டே போனான். கூட்டாளி இரும்புக் குழாயை எடுத்தான். முழங்கைக்குக் கீழே இரண்டே அடி. முதல் அடிக்குக் கத்திய தம்பி இரண்டாவது அடிக்குக் கத்தவில்லை. என்னைப் பிடித்திருந்தவனின் கட்டைவிரலை நான் கடித்தேன். அவன் விட்ட அறையில் என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிப்போனது.

போகும்போது கூட்டாளி ஒரு தாளை ஆட்டிக் காட்டினான். "உலக பேட்டண்ட் எங்கிட்ட இருக்கு. இனிமே இந்தக் காப்பை நீ ஒண்ணு செஞ்சாலும் இன்னொரு கை."

காப்பு என்றால் கைக்குப் போடுகிற காப்பு இல்லை. தகடு வெட்டும் பிரஸ்ஸில், கீழே கை இருக்கும்போது பெடலை மிதித்தாலும் சுத்தியல் இறங்காமல் தடுக்கிற கம்பி அமைப்பு அது. தம்பியின் வலது கையில் இரண்டு விரல்களை அப்படி ஒரு பிரஸ்தான் தின்றது. அதற்குப் பிறகு நான்கு வருடம் அதே யோசனையாக இருந்து இதைச் செய்தான். "சீக்கிரம் விண்ணப்பம் போடலாம்டா" என்று நான் தொண்டை வற்றக் கத்துவேன். நான் பேட்டண்ட் ஏஜென்ட் ஒருவரிடம் பழைய பேட்டண்ட்களைத் தேடித் தரும் வேலை பார்க்கிறவள், இதுதான் எனக்குச் சோறு. அவனோ "இன்னும் ஒரு திருத்தம்க்கா" என்பான். திருத்தித் திருத்தியே ஊரான் கையில் கொடுத்துவிட்டான்.

போலீஸ் ஸ்டேஷனில், "பேட்டண்ட் தகராறா? அதுக்குக் கோர்ட் இருக்கும்மா" என்றார்கள். உடைந்த எலும்புக்கும் கோர்ட்தானா என்று கேட்டேன். வெளியே போகச் சொன்னார்கள்.

மறுநாளே அண்ணன் வந்து இறங்கினார். எங்கள் இருவருக்கும் மூத்தவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் குளிர் தேசம் ஒன்றுக்குப் போய், அங்கேயே குடியுரிமை வாங்கிக்கொண்டு, ஒரு கிடங்கில் மேலாளராக இருக்கிறார். அப்பா செத்ததற்கு ஐந்தாம் நாள் வந்த மனுஷன் தம்பியின் கைக்கு மறுநாளே வந்தது எனக்கே ஆச்சரியம். ரத்த பாசம்தான், தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் தம்பியின் மாவுக்கட்டைத் தடவி அழுதார். "நான் போய் அவங்கிட்ட பேசறேன்" என்றார். பேசினார். ஒரு பத்திரத்தோடு வந்தார்.

பத்திரத்தைப் பட்டறையில் வைத்துக் கையெழுத்தாக்குவதாக ஏற்பாடு. கூட்டாளியும் ஆட்களும் தெருமுனையில் வேனில் காத்திருந்தார்கள். உள்ளே நாங்கள் மூன்று பேர் மட்டும். உடைந்த மெஷின்களுக்கு நடுவே ஒரே ஒரு பிரஸ் உருப்படியாக இருந்தது. அதன் காப்பிலும் சம்மட்டி அடி விழுந்திருந்தது. தம்பி ஒற்றைக் கையால் கம்பியை நிமிர்த்தி, மோட்டாரைப் போட்டு, சக்கரம் சுற்றுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"போட்டுடுடா," என்றார் அண்ணன். "உயிர் இருந்தா உப்பு வித்தாவது பொழைச்சுக்கலாம். இவனுங்க விட மாட்டானுங்க."

"கொடுங்க, நான் படிக்கறேன்," என்றேன்.

"நான் படிச்சுட்டேம்மா. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

நான் பிடுங்கிக்கொண்டேன். கண்டுபிடிப்பாளராகிய தம்பி, தன் உரிமை முழுவதையும் கூட்டாளிக்கும் 'உடன் விண்ணப்பதாரருக்கும்' விட்டுக்கொடுக்கிறான் என்று இருந்தது. உடன் விண்ணப்பதாரரின் பெயர் இல்லை. ஆனால் விண்ணப்ப எண் இருந்தது. எண் இல்லாமல் எந்த உரிமையை மாற்றுவது? எழுதித்தான் ஆகவேண்டும்.

என் தொழிலில் எண்ணைப் பார்ப்பதற்கு முன் எழுத்தைப் பார்ப்போம். முதலில் பி.சி.டி. என்று இருந்தது. பல நாடுகளுக்கும் பொதுவாக ஒரே விண்ணப்பம் போடும் ஒப்பந்தத்தின் எழுத்து அது. அடுத்து ஒரு சாய்கோடு. அதற்குப் பிறகு சி.ஏ. என்று இரண்டு எழுத்து, அதோடு ஒட்டி இந்த வருடம், பிறகு வரிசை எண்.

"டேய், முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ," என்றேன் தம்பியிடம். "உலக பேட்டண்ட்டுன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. இது வெறும் விண்ணப்பம். இதை வெச்சு நீ காப்பு செய்யறதை இன்னிக்கு யாரும் தடுக்க முடியாது. கையை உடைச்சது சும்மா ரௌடித்தனம்."

"அப்ப எதுக்குக்கா என் கையெழுத்து?"

"கண்டுபிடிச்சவன் எழுதிக் கொடுத்தாத்தான் அவங்களுக்கு உரிமை. இல்லாட்டி நாளைக்கு ஒவ்வொரு நாட்டிலயும் நீ போய் இது என்னோடதுன்னு கேக்கலாம்."

அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த இரண்டு எழுத்தின் மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"அந்த சி.ஏ. என்னக்கா? ஆடிட்டரா?" என்றான் தம்பி. அந்த நிலைமையிலும் அவனுக்கு நக்கல்.

"எந்த ஆபீஸ்ல போட்டாங்கங்கற எழுத்து. இங்க போட்டிருந்தா நம்ம நாட்டு எழுத்து வந்திருக்கும். நேரா சர்வதேச ஆபீஸ்ல போட்டிருந்தா ஐ.பி.ன்னு வரும். இது அண்ணன் இருக்கற நாடு."

"அவன் அங்க போய்ப் போட்டானா?"

"போனாலும் முடியாதுடா. விண்ணப்பம் போடறவங்கள்ல ஒருத்தராவது அந்த நாட்டுக் குடிமகனா இருக்கணும், இல்லாட்டி அங்க குடியிருக்கணும். ஒரு கம்பெனியா இருந்தாலும் அந்த ஊர்க் கம்பெனியா இருக்கணும். உன் கூட்டாளி நம்ம எல்லையைத் தாண்டினவன் இல்லை."

தம்பி மெதுவாக அண்ணனைப் பார்த்தான். காப்பின் படத்தையும் வீடியோவையும் அவன் ஒரே ஒருவருக்குத்தான் போனில் அனுப்பியிருந்தான். அங்கே விற்க வழி பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கியவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அந்த எழுத்து நாட்டைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. அங்கே லட்சோபலட்சம் பேர் இருக்கிறார்கள். அண்ணன் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"ரெண்டு எழுத்தை வெச்சு என்னை சந்தேகப்படறியா?" என்று எழுந்தார். "பேரெல்லாம் வெளிய வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள யாரு எவருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சாமான் ஏற்றி இறக்கும் கிடங்கு மேலாளருக்கு, இப்படிப்பட்ட விண்ணப்பம் ஒன்றரை வருடம் மூடியே கிடக்கும் என்பதை யார் சொல்லிக்கொடுத்தது? எங்கள் ஆபீசுக்கு வருகிற படித்த முதலாளிகளுக்கே அது தெரியாது.

"அதை உனக்கு யாருண்ணே சொன்னது?" என்றேன்.

அவர் என் கையிலிருந்த பத்திரத்தைப் பிடுங்கப் பார்த்தார். நான் விடவில்லை. ஓங்கி என் வாயில் குத்தினார். ஆடிக்கொண்டிருந்த பல் கழன்று நாக்கில் விழுந்தது. கூடப் பிறந்தவன் குத்து கூலிக்கு வந்தவன் அறையைவிட வலித்தது. பத்திரத்தின்மேல் ரத்தம் துப்பினேன்.

"அவனுங்க பயமுறுத்தறோம்னுதான் சொன்னானுங்க," என்று கத்தினார். "உடைக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லை."

அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

தம்பி வலது கையில் மிச்சமிருந்த மூன்று விரல்களால் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தான். பதினைந்து வருடம் இரும்பு பிடித்த விரல்கள் அவை. இழுத்துக்கொண்டு போய் பிரஸ்ஸின் அடியில், தகடு வைக்கிற அச்சின் மேல், அந்தக் கையை வைத்து அழுத்தினான். மாவுக்கட்டுப் போட்ட கையால் அண்ணனின் கழுத்தை மெஷினோடு நெருக்கினான். தலைக்கு மேல் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"டேய் வேணாம்டா. டேய் தம்பி. நான் உன்னைத் தோள்ல தூக்கி வளத்தேன்டா."

தம்பி பெடலை மிதித்தான்.

டக்கென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. சுத்தியல் இறங்கவில்லை. மறுபடி மிதித்தான். மறுபடி டக். எட்டி எட்டி உதைத்தான், பெடலை, மெஷினை, அண்ணனின் காலை. அண்ணன் போட்ட அலறல் தெருமுனை வரை கேட்டிருக்கும். அவர் பேண்ட் நனைந்து தரையில் ஒழுகியது. நான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியிருக்கலாம். சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. போகட்டும் அந்தக் கை என்றுதான் எனக்கு இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அலறல் கேட்டுக் கூட்டாளி ஓடிவந்தான். பின்னால் அக்கம்பக்கத்துப் பட்டறை ஆட்களும் ஸ்பேனரும் கம்பியுமாக ஓடிவந்தார்கள். தம்பி கையை உடைத்த அன்று வேடிக்கை பார்த்த வெட்கம் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

"கையெழுத்து?" என்றான் கூட்டாளி, அண்ணனைப் பார்த்து.

"இவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நம்பரை வெச்சே கண்டுபிடிச்சுட்டா."

கூட்டாளி அண்ணனின் செவிட்டில் ஒன்று விட்டான். "அங்க போட்டா இங்க எவனுக்கும் தெரியாதுன்னு நீதானேடா சொன்ன?" அத்தனை பேருக்கும் அது கேட்டது. அதற்குள் லேத்துப் பட்டறைக்காரர் அவன் முழங்காலில் கம்பியால் ஒன்று வைத்தார். அவன் விழுந்தான், எழுந்தான், நொண்டிக்கொண்டே வேனுக்கு ஓடினான்.

தம்பி பிடியை விட்டான். அண்ணன் கையை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். ஐந்தும் இருந்தது. எங்கள் முகத்தைப் பார்க்காமல் வெளியே நடந்தார். வேன் அவரை ஏற்றாமலே போய்விட்டிருந்தது.

நான் ரத்தம் பட்ட பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தேன். எண் கையில் இருக்கிறது, சாட்சிக்கு ஒரு தெருவே இருக்கிறது. இது யார் கண்டுபிடிப்பு என்று இனி நான் ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கேட்பேன். மோட்டாரை நிறுத்தினேன். சக்கரம் சுற்றி ஓயும்வரை தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான்.

"நல்லாத்தான் பயங்காட்டின," என்றேன், அவன் தலையைத் தடவி. "காப்பு தடுக்கும்னு உனக்குத் தெரியுமில்ல?"

அவன் அந்தக் கம்பியைப் பார்த்தான்.

"தெரியாதுக்கா," என்றான். "சம்மட்டி பட்டதுக்கு அப்புறம் நான் இன்னும் சோதிச்சே பாக்கலை."