உருளையில் ஒட்டிய மூக்கு

வரைபட ஆபீஸில் அவளுக்குப் பெயர் டோனர். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பிரிண்டருக்கு மைத்தூள் மாற்றி மாற்றி முழங்கை வரை கறுப்பு ஏறிய நாளில் யாரோ வாய்க்கொழுப்பில் கூப்பிட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் சண்டை போட்டுப் பார்த்தாள், கேட்டால்தானே?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கம் தெரிகிற டிரேசிங் தாளில் லேசர் பிரிண்ட் எடுப்பதில் அந்த ஆபீஸில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் எடுத்தால் தாள் சுருண்டு, அப்பளம் மாதிரி உள்ளேயே உட்கார்ந்துவிடும். அவள் தடித்த தாளாகப் பார்த்து எடுப்பாள், ஒவ்வொன்றாகப் பக்கத்துத் தட்டில் வைப்பாள், 'கனமான தாள்' என்று மெஷினுக்குச் சொல்லிவைப்பாள், பின்கதவைத் திறந்துவிடுவாள். தாள் உள்ளே வளைந்து நெளியாமல் நேராகப் பின்னால் வந்து விழும். ஆறும்வரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் டோனர் திட்டுவாள், அது வேறு கதை.

இத்தனை இருந்தும் அவள் இன்னும் தற்காலிகம்தான். வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டர் மேலாளரின் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. இன்று மதியத்துக்குள் கையெழுத்து விழாவிட்டால் நாளை முதல் அவள் வீட்டில். வீட்டில் இருப்பதோ வேலையில்லாத தம்பி, பேச்சுக்குப் பேச்சு 'உனக்கென்னக்கா, ஆபீஸ்ல ஏசி' என்று குத்துகிறவன். அவனோடு நாள் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே எப்படி இருப்பது?

இப்பேர்ப்பட்ட நாளில்தான் மகராசி அந்த வேலையைச் செய்தாள்.

சீனியர் வரைவாளர் ஒருவர் வேறு கம்பெனிக்குப் போகிறார். அவருக்கு ஒரு டி-ஷர்ட் கொடுக்க எல்லாரும் முடிவு செய்தார்கள். படம் வரைந்தவரும் அவரேதான்: மேலாளரின் முகம், அதில் முக்கால்வாசி மூக்கு. கீழே வாசகம், 'இவரையே சமாளிச்சாச்சு. இனி எமனே வந்தாலும் டீ குடுத்து உக்கார வைப்பேன்.' துணியில் இஸ்திரி போட்டு ஒட்டும் ஷீட்டில் அடித்துத் தருகிற பொறுப்பு யார் தலையில்? கேட்கவே வேண்டாம்.

எல்லாரும் வருவதற்கு முன்னால் வந்து டோனர் அதையும் ஒழுங்காகத்தான் செய்தாள். உறையில் 'லேசர் பிரிண்டருக்கு' என்று போட்டிருப்பதை இரண்டு முறை பார்த்தாள். இங்க்ஜெட் ஷீட்டை லேசரில் விட்டால் உள்ளே இருக்கும் சூட்டு உருளையில் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும், மெஷின் நாசம், அது அவளுக்குத் தெரியும். வெள்ளை டி-ஷர்ட்டில் ஷீட்டைக் கவிழ்த்து வைத்து இஸ்திரி போட வேண்டும், அதனால் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பினாள். பூச்சுப் பக்கத்தில் மை விழுகிற மாதிரி ஒரே ஒரு ஷீட்டைத் தட்டில் வைத்தாள். பின்கதவு திறந்திருந்தது. பொத்தானை அமுக்கினாள்.

ஷீட் உள்ளே போனது. வெளியே வரவில்லை.

மெஷின் கறமுற என்றது, நின்றது, சிவப்பு விளக்கைப் போட்டது. பிளாஸ்டிக் பொசுங்கும் நாற்றம் வேறு. "அடிப்பாவி, என்னத்தடி முழுங்குன?" என்று அவள் மெஷினைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னம்மா நாத்தம்?"

மேலாளர்! ஒருநாளும் இவ்வளவு சீக்கிரம் வராத மனுஷன். முகம் வேறு தூங்காத முகமாக இருந்தது. டோனர் மெஷினை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"பேப்பர் மாட்டிக்கிச்சு சார்."

"பதினோரு மணிக்கு சைட்டுக்கு டிரேசிங் போகணும். மெக்கானிக்கக் கூப்பிடு." இரண்டடி போனவர் திரும்பி வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார். "நான் இங்கயே இருக்கேன்."

இருப்பாராம்! மெக்கானிக் வந்ததும் அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். மெக்கானிக் வேறு யாரும் இல்லை, சொந்த அக்கா புருஷன். கைவேலையில் கெட்டி. வாயோ ஓட்டை. அவர் காதில் ஒரு ரகசியம் விழுந்தால் மாலைக்குள் ஊர்வலம் போய்விடும்.

அரைமணி நேரத்தில் அவர் வந்தார். "என்ன மச்சினி, மெஷினுக்கு என்ன ஊட்டிவிட்ட?" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். டோனர் கண்ணைக் காட்டினாள், உதட்டைக் கடித்தாள், தலையை ஆட்டினாள். "என்னாச்சு, கண்ணுல தூசியா?" என்றார் அந்த மேதாவி.

பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டது. இருந்தாலும் உருளை நன்றாக ஆறும்வரை கைவைக்கமாட்டேன் என்றார். ஆறும்வரை சும்மா இருந்தாரா? மேலாளரிடம், போன வாரம் எந்த ஆபீஸில் யார் மெஷினில் என்ன மாட்டியது, அதை யார் பார்த்தார்கள், யாருக்கு வேலை போனது என்று விலாவாரியாகச் சொன்னார். டோனருக்கு அந்த இடத்திலேயே அவர் கழுத்தை நெரிக்கலாம்போல் இருந்தது.

பிறகு உருளைப் பகுதியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மேலாளர் கத்தரிக்கோலை நீட்டினார். "ஐயையோ, இரும்பே படக் கூடாது சார். மேல் பூச்சுல கீறல் விழுந்தா அப்புறம் எல்லாப் பக்கத்துலயும் கோடு விழும்." மரக்குச்சியால் ஓரத்தை மெல்ல நெம்பினார். விசிறிபோல மடிந்து மடிந்து, வெந்த வாடையோடு ஷீட் உரிந்து வந்தது. கசங்கலைப் பிரித்தார்.

"ஏ அப்பா, என்னா மூக்கு!" என்றார்.

டோனர் கண்ணை மூடிக்கொண்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

மேலாளர் கையை நீட்டினார். ஷீட் கைமாறியது. எழுத்தெல்லாம் இடவலமாகத் திரும்பிக் கிடந்ததால் முதலில் முழித்தார். ஒரு நிமிடம் டோனருக்கு உயிர் திரும்பியது. ஆனால் டிரேசிங் தாளை முப்பது வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆள் அவர். ஷீட்டைப் புரட்டி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பின்பக்கத்திலிருந்து வாசகம் நேராகத் தெரிந்தது. வாய்க்குள்ளேயே படித்தார். உதடு 'எமன்' வரை வந்து நின்றது.

"இது நானா?"

"சார்... போறவருக்கு... சும்மா ஒரு விளையாட்டுக்கு..."

"விளையாடு. தாராளமா விளையாடு. கண்ட குப்பையை விட்டு ஆபீஸ் மெஷினைக் கெடுத்துட்டு விளையாடு. மத்தியானம் கையெழுத்துன்னு சொல்லியிருந்தேன்ல? மறந்துடு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது. படத்துக்காகத் திட்டட்டும், அது நியாயம். மெஷினைக் கெடுத்தேன் என்று சொன்னால் எப்படிப் பொறுப்பாள்?

"படத்துக்கு என்னை என்ன வேணாலும் சொல்லுங்க சார். ஆனா நான் குப்பை எதையும் விடல. இது லேசர் ஷீட்தான். இந்தாங்க உறை. இது ஒட்டவே கூடாது."

"ஒட்டியிருக்கே!"

"இருங்க, இருங்க," என்றார் மெக்கானிக். மூக்கை உருளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார். "மச்சினி சொல்றது சரிதான். இது தானா ஒட்டல. அடியில வேற ஒண்ணு இருக்கு. அதுமேல போய் இது ஒட்டியிருக்கு."

குச்சி மறுபடி வேலை செய்தது. உருளையைச் சுற்றி, கண்ணுக்கே தெரியாமல் கண்ணாடித்தாள் ஒன்று இறுக்கிக்கொண்டு கிடந்தது. இளகி, சுருங்கி, கொழகொழவென்று வந்தது. பாதி ஷீட்தான், மீதி கிழிந்திருந்தது.

"பாருங்க, யாரோ இழுத்துப் பிச்சு எடுத்திருக்காங்க. கையில வந்த வரைக்கும் எடுத்துட்டு, அவ்வளவுதான்னு போயிட்டாங்க. உருளையில சுத்திக்கிட்டது மெஷினுக்குத் தெரியாது, அது பாட்டுக்கு ரெடின்னு பச்சை விளக்கப் போடும்." சூடு படாத ஓரத்தில் ஒரு பக்கம் சொரசொரப்பாக இருந்தது. விரலை நாக்கில் தொட்டு அங்கே வைத்தார். விரலோடு தாளும் சேர்ந்து எழுந்தது. "ஒட்டுது பாருங்க. இங்க்ஜெட் பிலிம். வீட்டு பிரிண்டருக்குப் போடறது. ஈர மையைக் குடிக்கத்தான் இந்தப் பூச்சு. சூட்டுல விட்டா இதான் கதி. எந்தப் புத்திசாலி விட்டதோ!"

மேலாளர் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"எழுத்துகூட இருக்கு," என்று மெக்கானிக் பிலிமை இழுத்துப் பிடித்து, ஓட்டை வாயைத் திறந்து சத்தமாகப் படித்தார். "பேரு கிழிஞ்சுபோச்சு. கீழ... மண்... மண்டல... இயக்குநர். யாருங்க அது மண்டல இயக்குநர்? இந்த ஆபீஸ்ல அப்படி யாரு இருக்கா?"

யாரும் இல்லை. இருந்தது ஒரு கிளை மேலாளர்தான். அவர் காது நுனி சிவந்தது.

டோனருக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. நேற்று எல்லாரும் போன பிறகு, பதவி உயர்வு வந்துவிடும் என்ற நம்பிக்கையில், தன் அறையின் கண்ணாடிக் கதவில் ஒட்டுவதற்காக ஐயா தனியாக அடித்துப் பார்த்திருக்கிறார். அதுதான் இன்று இந்த விடிகாலை விஜயம், நாற்காலி, காவல் எல்லாம்! தன் குட்டு வெளிவந்துவிடுமோ என்று உட்கார்ந்திருந்த மனுஷன் அவள் குட்டைப் பிடித்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. ஒரு வார்த்தை போதும், மெக்கானிக் மாமா ஊர் முழுக்க முழங்கிவிடுவார்.

"மாமா, நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க," என்றாள்.

"இப்பதானே கண்ணு சுவாரசியமா..."

"போங்க மாமா!"

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அறையில் இரண்டு பேரும், மேஜைமேல் இரண்டு பொசுங்கிய ஷீட்டுகளும். கறாராக ஏதாவது கேட்கலாம் என்று டோனர் வாயைத் திறந்தாள். மேலாளர் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தைகள் வந்தன.

"சார், என்கிட்ட லேசர் பிலிம் இருக்கு. சூடு தாங்கும். மெஷின் ரெடியானதும் நானே அடிச்சுத் தரேன். கதவுக்கு உள்பக்கமா ஒட்டறதுன்னா திருப்பி அடிக்கணும்."

அவர் எழுந்து தன் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் அவள் ஆர்டர் இருந்தது. மேஜைமேல் மூக்குப் படத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டார்.

"நீ ஒழுங்காத்தான் அடிச்சிருக்க. மெஷின் விஷயத்துல நான் சொன்னது தப்பு."

டோனர் ஆர்டரை வாங்கி மடிக்கத் தெரியாமல் மடித்தாள். சந்தோஷத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல், "ரொம்ப நன்றி சார். இப்பவே டைப் பண்ணிடறேன். மண்டல இயக்குநர்னு ஒரே வரியிலயா, இல்ல ரெண்டு வரியா சார்?" என்று கேட்டுவிட்டாள்.

மேலாளர் அந்தக் கிழிந்த பிலிமை எடுத்து, கொழகொழப்பு கையில் ஒட்ட ஒட்டச் சின்னதாக மடித்தார்.

"ராத்திரி போன் வந்துச்சும்மா. வேற ஆளைப் போட்டுட்டாங்க," என்றார். "பேர மட்டும் அடி."