மிளகு மிதித்த கால்

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் பல்லேபொல மிளகுத் தோட்டத்தில் வேலை கிடையாது. மாதத்தில் அந்த ஒரு நாளைத்தான் காத்தாயி தன் புருஷன் நல்லையாவின் உடம்பைப் பார்ப்பதற்கென்று வைத்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் முதுகில் இருந்த மச்சம் புற்றுநோய் என்று தெரிந்து, வெட்டி எடுத்தார்கள். இன்னொன்று எங்கேயும் வரலாம், வெயில் படாத இடத்தில்கூட வரலாம், மாதம் ஒருதரம் உச்சி முதல் பாதம் வரை பாருங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

வாசல் வெளிச்சத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, சீப்பால் முடியை வகிடு வகிடாகப் பிரித்து மண்டைத் தோலைப் பார்த்தாள்.

"குரங்குக் கூட்டத்துல சேர்த்துட்டியே புள்ள என்னைய" என்றான் நல்லையா.

காதின் பின்புறம், கழுத்து, பழைய தழும்பு, அக்குள் என்று இறங்கிவந்தாள். உள்ளே கூட்டிப்போய் மறைவிடத்தையும் பார்த்தாள். எங்கும் புதிதாக ஒன்றும் இல்லை. பாதத்துக்கு வந்ததும் அவன் காலை இழுத்துக்கொண்டான். நாலு நாளாய்க் கொத்துக் கொத்தாய் மிளகு மிதித்து உதிர்த்த கால். கறையேறிக் கறுத்துக் கிடந்தது. அடுத்த போயாவுக்குப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். போன இரண்டு போயாவுக்கும் அதையேதான் சொன்னான். அவளும் விட்டுவிட்டாள்.

இன்றைக்கு விடவில்லை. அகலமான பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் கொண்டுவந்து, தேங்காயெண்ணெயும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தாள். கறை கரைந்து தண்ணீர் கலங்கியது. உள்ளங்கால் வெளுத்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். சுண்டுவிரல் இடுக்கில் ஒரு கறுப்பு மட்டும் போகவில்லை. மறுபடி தேய்த்தாள். அசையவில்லை. ஒரு மிளகை விடப் பெரிது. ஓரம் ஒழுங்கில்லாமல் மை ஊறியதுபோல் பரவியிருந்தது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பழுப்பு.

அந்த இடுக்கை அவனுக்கு விரித்துக் காட்டினாள்.

அட்டை கடித்த தழும்பாயிருக்கும், வலியே இல்லையே என்றான் நல்லையா. மிளகு முடியட்டும், இப்போது லீவு போட்டால் கங்காணி வேறு ஆளைப் பிடித்துவிடுவான் என்றும் சொன்னான்.

காத்தாயி அவன் காலை விடவில்லை. போன மாதம் கிளினிக்கில் நர்ஸ் மிஸ், கால் விரலிடுக்கு எல்லாம் பார்த்தீர்களா என்று கேட்டபோது தான் தலையாட்டியது நினைவில் வந்து குத்தியது.

"மிஸ்கிட்ட நான் பொய் சொன்னேங்க" என்றாள். "ரெண்டு மாசமா இந்த எடத்தை நான் பாக்கவே இல்ல. இது எப்ப வந்திச்சு, எவ்வளவு வளந்திச்சுன்னு எனக்குத் தெரியாது."

நல்லையா குனிந்து விரலைத் தானே விரித்துப் பார்த்தான். பிறகு மற்றக் காலை எடுத்துப் பேசினுக்குள் வைத்தான்.

"இதையும் தேய். நாளைக்கு டொக்டர் கேட்டா, ரெண்டையும் பாத்தோம்னு உண்மையாச் சொல்லணும்ல."