ஒரே தட்டில் இரண்டு இன்சுலின்

வகை மாற்றிப் போட்ட இன்சுலினால் நோயாளிக்குச் சர்க்கரை இறங்கியது; குளுக்கோஸ் ஏற்றித்தான் அவர் மீண்டார். மருத்துவமனைக் கண்காணிப்பாளரோ அறிக்கையில் ‘பாதிப்பு: இல்லை; காரணம்: நர்ஸின் கவனக்குறைவு’ என்று எழுதினார். தலைமை நர்ஸ் கையெழுத்திட்டால் ஊசி போட்டவளுக்கு வேலை போய்விடும்.

“கையெழுத்தைப் போடுங்க சிஸ்டர், மசமசன்னு நிக்காதீங்க.”

“குளுக்கோஸ் ஏத்தினப்புறம் பாதிப்பில்லையா சார்? தற்காலிகப் பாதிப்பு, சிகிச்சை தேவைப்பட்டதுன்னு வகைப்படுத்துங்க. ரெண்டு இன்சுலினையும் ஒரே தட்டுல வைக்கச் சொன்னது நீங்கதானே?”

“ஊசி போட்ட உங்க நர்ஸ் பொண்ணுக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?”

“இருக்கட்டும். அவளைத் துரத்திட்டா, அடுத்து வர்றவளுக்கும் அதே தட்டுதானே சார்?”

தலைமை நர்ஸ் அறிக்கையில் கண்காணிப்பாளர் எழுதிய வரியை அடித்து, ‘தற்காலிகப் பாதிப்பு’ என்று திருத்தினார். காரணங்களில் ஒரே தட்டையும், ஆள் பற்றாக்குறையால் இரண்டாவது நர்ஸ் சரிபார்க்காததையும் எழுதினார். தடுப்பு நடவடிக்கையாகத் தனித்தனித் தட்டுகளையும் இருவர் சரிபார்ப்பையும் சேர்த்துக் கையெழுத்திட்டு, நேராக நோயாளிகள் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினார்.

“சாயங்காலமே உங்களுக்கு மாற்றல் ஆர்டர் வரும்.”

“வரட்டும் சார். அதுக்குள்ள தட்டைப் பிரிச்சு வச்சிடறேன்.”