கண்ணாடிக் கதவில் இலை இல்லை

மொட்டை மரத்துக்கு இலை வைப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. விளம்பரப் படங்களைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. புதுசாக வருகிறவர்கள் ஒரே இலையை ஆயிரம் தடவை ஒட்டி, மரத்தைக் கீரைக்கட்டு ஆக்கிவிடுவார்கள். நான் பாதி இலையைக் கிளைக்கு முன்னாலும் பாதியைப் பின்னாலும் வைப்பேன். நடுநடுவே வானம் தெரிய இடம் விடுவேன். வெயில் ஊடுருவும் பக்கத்துக்கு இளமஞ்சள் கலந்த பச்சை, மறுபக்கத்துக்கு அழுத்தமான பச்சை. கடைசியாகத் தரையில் கிடக்கும் குச்சிக்குச்சியான நிழலை அழித்து, அடர்ந்த நிழலாக்குவேன். அங்கேதான் எல்லாரும் மாட்டுவார்கள்.

அந்த நிழலைத்தான் இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தேடிக்கொண்டிருந்தேன்.

அக்கா நீட்டிய கடிதத்தோடு ஒரு கலர் படம் இணைத்திருந்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசல். வாசலோரம் பச்சைப்பசேல் என்று ஒரு மரம். அந்த மரத்தின் கிளை முறிந்து, அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியின் முதுகில் விழுந்தது. அந்தக் காவலாளி அக்காவின் கணவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல், வார்டு வாசல் திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார்.

"மரம் பட்டுப்போச்சு, வெட்டுங்கன்னு மாமா ரெண்டு தடவை சொன்னாருடா. நிர்வாகம் அவர் சொல்லவே இல்லைங்குது. விழறதுக்கு அஞ்சு வாரம் முன்னாடி எடுத்த படமாம். இவ்ளோ பச்சையா இருந்த மரம் காத்துல முறிஞ்சா நாங்க என்ன பண்றதுன்னு எழுதியிருக்கான். அவரைப் பொய்யன்னு சொல்லிட்டு வைத்தியத்துக்கும் கைவிரிச்சுட்டான். நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை." அக்கா மூச்சு வாங்கினாள். "நீ படக்காரன்தானே? இதுல ஏதாவது தில்லுமுல்லு இருக்கா, பாரு."

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. இது என் கைவேலை. விளம்பர ஏஜென்சி அனுப்பியது. 'வசந்தம் மாதிரி வேணும்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். எந்தக் கட்டிடம், எந்தத் தெரு என்று நானும் கேட்கவில்லை. மாமா வேலை பார்க்கும் இடத்தை ஒருநாள்கூடப் போய்ப் பார்க்காத மச்சான் நான்.

நிழலில் குறையே இல்லை. பாவி, அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தேன். இலை ஓரம், வெயில் திசை, எல்லாம் கச்சிதம். என் தொழில் திறமைமேல் எனக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு இதற்குமுன் வந்ததில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்கும் சறுக்கியிருந்தது, வலது ஓரத்தில். வாசலின் கண்ணாடிக் கதவில் அதே மரம் மங்கலாகப் பிரதிபலித்தது. அதில் ஒரு இலைகூட இல்லை. வெறும் கிளைகள். அதை நான் கவனிக்காமலே விட்டிருக்கிறேன்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்லவில்லை, தோன்றியது. திரைக்குப் பின்னால் மாமா முனகினார்.

"அக்கா, இந்தக் கண்ணாடியைப் பாரு."

அவள் படத்தை முகத்தருகே வைத்துப் பார்த்தாள். "மொட்டையா இருக்கு! அப்ப இது பொய்ப் படம்தானே? எவன் செஞ்சான் இதை?"

"நான்தான்."

அவள் முதலில் சிரிக்கப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து நான் கிண்டல் பேசிப் பழக்கம். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"பழைய படம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கு. நாளைக்குக் கொண்டு வர்றேன். வேலை போனாப் போகட்டும். எந்த இடம்னு எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா."

"இடம் தெரியாது, சரி. மரம் செத்துப்போனது தெரியுமா?"

தெரியும். பின்னால் இருந்த மரங்கள் எல்லாம் தளதளவென்று தழைத்திருந்தன. இது ஒன்றுதான் மொட்டை. பருவத்துக்கு உதிர்ந்த மரம் அப்படி இருக்காது. பட்டை வேறு உரிந்திருந்தது.

"தெரியும்," என்றேன்.

"அடிமரத்துல தட்டுத் தட்டா காளான் இருந்துச்சா?"

அவளுக்கு எப்படித் தெரியும் என்று விழித்தேன்.

"அந்தக் காளானைக் காட்டித்தான்டா அவரு ரெண்டு தடவையும் சொன்னாரு. உள்ள உளுத்துப்போச்சுன்னு. இந்தப் படத்துல காளானைக் காணோமே?"

"அழிச்சுட்டேன்."

"அதை ஏன் அழிச்ச?"

"அசிங்கமா இருந்துச்சு."

அக்கா படத்தை நான்காக மடித்தாள். மடித்த கோட்டை நகத்தால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்து, எங்கிட்டச் சொன்னதை அப்படியே அவங்ககிட்டயும் சொல்லு. காளானையும் சேர்த்துச் சொல்லு."

"சொல்றேன்க்கா."

திரைக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் தேய்ந்து வந்தது. "யாரு, மச்சானா? உள்ள வரச் சொல்லேன்."

அக்கா எனக்கு முதுகைக் காட்டி, திரை விலகாமல் அதன் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் வரல. நீங்க தூங்குங்க."