இருபதுக்குப் பதினெட்டு

பல் தேய்க்கக் கை எழவில்லை. வலது முழங்கையை இடது கையால் தாங்கித்தான் பிரஷ்ஷை வாய்க்குக் கொண்டுபோனேன். பதினோரு வருஷமாகக் கிடங்கில் மூட்டை இறக்குகிறேன். இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே தூக்கினால் தோள் மொத்தமாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தப்பிக்க ஒரே வழி ஃபோர்க்லிஃப்ட். மூட்டையைத் தூக்கிப் போகிற வண்டி, உட்கார்ந்து ஓட்டுகிற வேலை. நாலு மாதத்தில் பயிற்சிக்கு ஆள் எடுப்பார்கள். எச்சரிக்கைப் பலகையெல்லாம் இங்கிலீஷ் என்பதால், ஆங்கில மையத்தில் முதல் நிலை முடித்த சான்றிதழ் வேண்டும் என்றார் சூப்பர்வைசர். முதல் நிலை மூன்று மாதம். கணக்கு சரியாக இருந்தது.

சேருவதற்கு முன்னால் போனில் ஒரு சின்னத் தேர்வு. இருபது கேள்வி, கால் மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, ஐந்தாவதாக 'தெரியாது'. சுலபமாக ஆரம்பித்துப் போகப் போகக் கடினமாகும். ஏழு வரை சரியென்றால் முதல் நிலை, பதினாலு வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது.

என் மச்சினன் எங்களோடுதான் இருக்கிறான். போன் கடையில் வேலை, இங்கிலீஷ் சரளமாக வரும். நான் நாலாவது கேள்வியில் 'தெரியாது' அமுக்கப் போனபோது போனைப் பிடுங்கினான். தெரியாது என்று யாராவது ஒத்துக்கொள்வார்களா என்று சிரித்துக்கொண்டே மிச்சத்தைத் தட்டித் தள்ளினான். பதினெட்டு வந்தது. பச்சைக் கட்டம் மின்னியது. என் பொண்டாட்டி கைதட்டினாள். நானும் இளித்துக்கொண்டு நின்றேன், அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

மூன்றாம் நிலை வகுப்பில் முதல் நாளே செய்தித்தாளில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார் டீச்சர். பக்கத்தில் ஒரு நர்ஸ். அவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். மூன்றாவது தடவை அவரே பேச்சை விட்டுவிட்டுத் தாளைப் பார்த்தார்.

வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன், தமிழில். நல்லவேளை, அவருக்கும் தமிழ்தான். என்னை எதிரில் உட்கார வைத்து, அதே மாதிரி வேறு கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்தார். மூன்று சரி.

"இது பரீட்சை இல்லீங்க. பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது. எங்கேயிருந்து சொல்லிக் கொடுக்கணும்னு நாங்க தெரிஞ்சுக்கறதுக்குத்தான். அந்த 'தெரியாது' பட்டனை வெச்சதே உங்களுக்காகத்தான்."

வழக்கமாக ஆளைக் கூப்பிட்டு ரெண்டு நிமிஷம் பேசியும் பார்ப்பார்களாம். இந்தத் தடவை கூட்டம் அதிகம் என்று விட்டுவிட்டார்களாம். மையத்தின் தப்பும் உண்டு என்று டீச்சர் ஒத்துக்கொண்டார். ஆனால் முதல் நிலையில் பதினாறு நாற்காலி, பதினாறும் நிரம்பிவிட்டது. வெளியே ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள். என்னைப் பத்தாவதாக எழுதினார். அடுத்த வகுப்பு நாலு மாதம் கழித்து.

வீட்டுக்குப் போனபோது மச்சினன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, நல்லதுக்குத்தானே பண்ணேன்," என்றான். "முதல் நிலைன்னா ஏபிசிடிலேருந்து. அக்கா புருஷன் கைநாட்டான்னு கடையில கேக்க மாட்டானுங்க?"

"கேட்டா கேக்கட்டும்டா. மூட்டைய அவனுங்களா வந்து எறக்கறானுங்க?"

"பதினெட்டு வாங்கினதுக்கு மனுஷன் கோபப்பட்டு இப்பதான் பாக்கறேன்."

"வாங்கினது நீ. போய் உக்காந்தது நான்."

என் பொண்டாட்டி வழக்கம்போலத் தம்பி பக்கம் வாயெடுத்தாள். டாக்டர் சொன்னதை அவளிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குச் சொன்னேன். அவள் தம்பியின் தட்டில் குழம்பு ஊற்றப் போன கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, அவனைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

தினமும் தானே சொல்லித் தருவதாக அவன் வாக்குக் கொடுத்தான். ரெண்டு நாள் தந்தான். மூன்றாம் நாள் கடையில் ஸ்டாக் எடுப்பு. அதற்கப்புறம் தினமும் ஸ்டாக் எடுப்புதான்.

ஆள் எடுக்கிற நாள் வந்தபோது காத்திருந்தவர்களில் நான் இன்னும் ஆறாவது. பயிற்சிக்குக் கொக்கி போனான். என்னோடு மூட்டை இறக்குகிறவன், எப்போதும் இடுப்பில் இரும்புக் கொக்கியைச் செருகியிருப்பதால் அந்தப் பேர். இருபதில் பதினேழு கேள்விக்குத் 'தெரியாது' என்று அமுக்கிவிட்டு, அதைக் கிடங்கு முழுக்கச் சொல்லிச் சிரித்து, முதல் நிலையில் உட்கார்ந்து முடித்தவன். இப்போது மஞ்சள் வண்டியில் வந்து, நான் இறக்கி அடுக்கியதைத் தூக்கிக்கொண்டு போகிறான். போகும்போது ஹார்ன் அடிக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

அடுத்த ஆள் எடுப்பு ஒரு வருஷம் கழித்து. மச்சினன் எனக்கு ஒரு வருஷம் பாக்கி. இன்னும் தரவில்லை.