தனக்குத் தானே கசின்

ப்ரோலாக் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் சொந்தபந்தத்தைப் புரியவைப்பது சுலபம் என்று லேப் மேடம் சொல்லியிருந்தார். இன்னாரைப் பெற்றவர் இன்னார் என்று வரிவரியாக எழுதிவிட வேண்டும். பிறகு இரண்டு விதிகள். பெற்றவர் ஒருவராகவும் ஆள் வேறு வேறாகவும் இருந்தால் உடன்பிறப்பு. பெற்றவர்கள் உடன்பிறப்பாக இருந்தால் பிள்ளைகள் கசின். எழுதாத எதையும் அது பொய் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அம்மா வழி மட்டும் போதும், அவரவர் குடும்பத்தையே எழுதுங்கள் என்றார் மேடம். அடுத்தவர் வீட்டு அடுப்படி வரை எட்டிப்பார்ப்பதில் வாத்தியார்களுக்கு அப்படி என்ன சுகமோ.

வீட்டில் பெரியவள், சின்னவள் என்று அழைக்கப்பட்ட இருவரும் ஒரே வகுப்பு, லேபில் ஒரே கம்ப்யூட்டர். சில மாதங்கள்தான் வித்தியாசம். சின்னவளைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். அவளுடைய அக்கா குழந்தையைத் தூக்கிவந்து, தன் மகளோடு மகளாக வளர்த்தாள். சின்னவளுக்கு அம்மா என்றால் அந்த அம்மாதான். விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்திறந்து சொன்னதில்லை.

ஆகவே சின்னவள் யோசிக்காமல் தட்டினாள். பாட்டி பெற்றது அம்மாவை, அம்மாவின் தங்கையை. அம்மா பெற்றது பெரியவளை, சின்னவளை. விதிகளையும் பிசகில்லாமல் எழுதினாள்.

மேடம் வந்து நின்றார். பெரியவளும் சின்னவளும் உடன்பிறப்பா என்று கேட்டதற்குக் கம்ப்யூட்டர் ஆம் என்றது. யாருக்காவது யாராவது கசினா என்றதற்கு இல்லை என்றது.

“ஒரு கசின் கூடவா கிடையாது உங்க வீட்ல? ஆமான்னு ஒரு பதிலாவது வந்தாத்தான் விதி வேலை செய்யுதுன்னு நான் நம்புவேன். இல்லன்னா பாதி மார்க்தான்.”

சின்னவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்து பெரியவள் சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

“இருக்கா மேடம். இவதான். எங்க சித்தி பொண்ணு.”

பின்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. சின்னவளுக்குக் காது சுட்டது. சித்தி பொண்ணு. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அந்த நாக்கில் வராத வார்த்தை, பாதி மார்க்குக்காக வந்து விழுந்தது.

“அப்ப அதை எழுதும்மா,” என்றார் மேடம்.

எழுதினாள். ஆனால் அம்மா வரியைச் சின்னவள் தொடவில்லை. அதற்குக் கீழே, தன்னைப் பெற்றவளின் பெயரில் இன்னொரு வரி சேர்த்தாள். மறுபடி கேட்டாள். பெரியவளும் சின்னவளும் உடன்பிறப்பா? ஆம். கசினா? ஆம். இரண்டுக்கும் ஆம் என்றது அந்த யந்திரம், முகம் சுளிக்காமல். மனிதர்களுக்கு இல்லாத பெருந்தன்மை. சின்னவளுக்கு மூச்சு வந்தது. இப்படியே விட்டுவிட மாட்டார்களா என்று மனசு கெஞ்சியது.

மேடம் விடுவாரா? குனிந்து, சின்னவளுக்கு யார் யார் கசின் என்று தானே தட்டினார். முதல் பதிலே சின்னவள் என்று வந்தது. அடுத்தது என்று கேட்டால் பெரியவள். அதற்கும் அடுத்தது, மறுபடி சின்னவள்.

“உனக்கு நீயே கசினா?” மேடம் சிரித்துவிட்டார். பின்வரிசையும் சிரித்தது. “ரெண்டு அம்மா எழுதியிருக்க. அவங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி. அப்புறம் நீ உனக்கே கசின் ஆகாம என்ன செய்வ? விதியில தப்பில்ல, தகவல்லதான் தப்பு. எந்த வரி பொய்யோ அதை எடுத்துடு.”

சின்னவள் கை விசைப்பலகை மேல் நின்றது. எடுக்க வேண்டிய வரி எது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. பெரியவள் ஏதாவது சொல்வாள் என்றுதான் காத்திருந்தாள். ‘பொய் இல்ல மேடம், எங்கம்மாதான் இவளை வளர்த்தாங்க’ என்று ஒரு வார்த்தை. பாதி மார்க் போனால் போகட்டும் என்று ஒரு வார்த்தை.

“தள்ளு, நேரமாகுது,” என்று பெரியவள் கையை நீட்டி, அம்மா சின்னவளைப் பெற்ற வரியை அழித்தாள். கோபமெல்லாம் இல்லை. காயில் புழு விழுந்த இடத்தை நறுக்கி எறிகிற மாதிரி, அவ்வளவுதான்.

கசின் யார்? பெரியவள். உடன்பிறப்பு யார்? யாரும் இல்லை.

“இப்ப கரெக்ட்,” என்று முழு மார்க் போட்டுவிட்டு மேடம் அடுத்த மேஜைக்குப் போனார்.

பெரியவளுக்கு ஒரே குஷி. பையை மாட்டிக்கொண்டே போனைப் பார்த்தாள்.

“அம்மா மெசேஜ் போட்டிருக்காங்க. சீக்கிரம் வரச் சொல்றாங்க. கிளம்பு.”

சின்னவள் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

“நீ போ. எனக்குக் கொஞ்சம் நேரமாகும்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு.”

“சரி சொல்லிடறேன்,” என்று சொல்லிவிட்டுப் பெரியவள் போய்விட்டாள்.