ஆறாவதை விட்டுவிட்டார்கள்

என் மண்டையில் விழுந்த முதல் உடற்கூறியல் புத்தகம் ஆயிரத்து இருநூறு பக்கம், கெட்டி அட்டை. எறிந்தவன் என் அண்ணன்.

"ஏறலேன்னா அடிச்சு ஏத்தறேன்டி, ஓட்டைப் பானை!" என்றான். எறிந்ததோடு விட்டானா? எடுத்து வந்து அதே இடத்தில் இன்னொரு முறை இறக்கினான். அதே பாடத்தில் நான் இரண்டாவது தடவையும் பெயிலாகியிருந்தேன். அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தான் ஐயா.

அப்பா போன பிறகு வீட்டுக்கு அவன்தான் ராஜா. பைக் மெக்கானிக். ஸ்பேனர் பிடிக்கிற கை, அறைந்தால் இரண்டு நாள் பல் ஆடும். அம்மா சுவரோரம் நிற்பாள். அவன் வெளியே போனதும் ஈரத் துணியோடு வந்து, "மறந்துடும்மா" என்பாள். எங்கள் வீட்டில் அந்த ஒன்றுதான் மருந்து.

"மூணாவது தடவையும் போச்சுன்னா மூட்டையைக் கட்டு. அப்புறம் வாசலைத் தாண்டினே, காலை ஒடிச்சு அடுப்புல வெச்சுடுவேன்" என்றான் அண்ணன். மூன்றாவது தடவை தவறினால் கல்லூரியும் பெயரை நீக்கிவிடும். பிசியோதெரபி முதலாம் ஆண்டு, வாய்மொழித் தேர்வு, இன்னும் நாற்பது நாள். அதுதான் எனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே இருந்த கதவு.

எனக்கு நோய் என்னவென்றால், படித்தது நிற்காது. பக்கத்தைப் புரட்டினால் முந்தின பக்கம் காலி. விடுதி அறைத்தோழி நெட்டை ஒருநாள் என் புத்தகத்தைப் பிடுங்கினாள். ஆறடி உயரம், அரையடி வாய்.

"இப்பத்தானே படிச்சே? சொல்லு."

"கபால நரம்பு... பன்னெண்டு..."

"அப்புறம்?"

"அப்புறம் நீ பிடுங்கிட்டே."

தலையில் அடித்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். "படிக்கக் கத்துக்கோங்க" என்று பலகை மாட்டிய ஒரு அலமாரி உண்டு. அதில் மூன்று புத்தகங்கள் எடுத்தோம். ஒன்று ஏழே நாளில் யானை ஞாபகம் தருகிறேன் என்றது. எட்டாம் நாள் அதைத் திருப்பிக் கொடுத்தேன், எதுவும் ஞாபகமில்லை. இரண்டாவது புத்தகம் உருப்படியானது. "கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் தெரிந்த மாதிரி ஒரு மயக்கத்தைத்தான் தரும். புத்தகத்தை மூடு. வெற்றுத்தாளில் எழுது. திணறு. பிறகு திறந்து பார். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து மறுபடி எழுது" என்றது. என் பாடப்புத்தகத்தில் கோடு போடாத வரியே இல்லை. மஞ்சள் பூசிய மாதிரி இருக்கும். எனக்கு வந்த கோபத்தில் அந்த மஞ்சள் பேனாக்களை ஜன்னல் வழியாக விட்டெறிந்தேன்.

மூன்றாவதுதான் என்னை மாட்டிவிட்டது. நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டை மனசில் நினைத்துக்கொள். வாசலில் தொடங்கி ஒரே திசையில் நட. ஒவ்வொரு இடத்திலும் ஒரு விஷயத்தைப் படமாக வை. வேண்டும்போது மறுபடி நடந்து போய் எடுத்துக்கொள். படம் சாதுவாக இருந்தால் கரைந்துவிடும். கோரமாக, அடிதடியாக, ரத்தமாக இருந்தால் நிற்கும் என்றது.

எனக்கு நன்றாகத் தெரிந்த வீடு எது? எங்கள் வீடுதான். வாசல் கேட் முதல் கொல்லைக் கேட் வரை பன்னிரண்டு இடம் எடுத்தேன். நரம்பும் பன்னிரண்டு. முதல் நரம்பு வாசனைக்கு, அதனால் வாசலில் ஒரு ரோஜாப்பூ. இரண்டாவது பார்வைக்கு, ஹாலில் ஒரு கண்ணாடி. இப்படி அழகழகாக வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பூ இல்லை, கண்ணாடி இல்லை. ஒவ்வொரு இடத்திலும் அண்ணன் நிற்கிறான்.

"வேற வீடு எடுத்துக்கயேன், கழுதை" என்றாள் நெட்டை. "ஒரு இடத்துல ஏற்கெனவே பழைய படம் அழுத்தமா இருந்தா புதுசோட குழம்பும்னு அதே புத்தகத்துல எழுதியிருக்கு. அறுபதாம் பக்கம். நீ படிச்சதுதான்."

படித்ததுதான். மறந்துவிட்டது.

வேறு வீடு எடுத்திருக்கலாம். விடுதி இருந்தது, கல்லூரி இருந்தது. ஆனால் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. அவனைக் காலி செய்ய முடியவில்லை என்றால் அவனையே வேலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வாசலுக்குப் போனேன்.

வாசலில் அவன் கிரீஸ் துணியை என் மூக்கில் வைத்து அழுத்தியது, பட்டறை நாற்றம். ஒன்று, நுகர்ச்சி. ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு அடிப்பான், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. இரண்டு, பார்வை. பீரோ முன்னால் மறுநாள் காலை, வீங்கிய இமை தூக்க வரவில்லை. மூன்று, இமையைத் தூக்கும் நரம்பு. மாடிப்படியில் முதுகில் ஒரு உதை. நான்காவது நரம்புதான் கண்ணைக் கீழே பார்க்க வைக்கிறது, அது பழுதானவர்கள் படி இறங்கத் தடுமாறுவார்கள். நான் தடுமாறவேயில்லை, நேராக உருண்டேன். சாப்பாட்டு மேஜை, வாயில் சோற்றோடு கன்னத்தில் அறை. ஐந்து, முகத்து உணர்ச்சியும் மெல்லுவதும்.

ஆறு, சாமான் அறைக் கதவு. தலைமுடியைப் பிடித்துக் கதவோடு மோதிக்கொண்டே, "என்னைப் பாருடி" என்றான். நான் அவனைப் பார்க்கவில்லை. கண்ணை வெளிப்பக்கமாகத் திருப்பினேன். அங்கே அம்மா நின்றாள். ஆறாவது நரம்பு கண்ணை வெளிப்பக்கம் திருப்புவது.

அப்படியே போனேன். நடையில் அடித்து முடித்துவிட்டு "சிரிடி" என்றது ஏழு, முகபாவம். சமையலறையில் காதோடு விட்டது எட்டு. தண்ணீர்த் தொட்டியில் முகத்தை அமுக்கி, விழுங்க முடியாமல் விழுங்கியது ஒன்பது. கொல்லையில் வயிற்றில் உதை, நெஞ்சு படபடத்து வாந்தி, தொண்டையிலிருந்து வயிறு வரை அலையும் பத்தாம் நரம்பு. துணிக் கொடிக்கு அடியில் தோளைத் திருகியது பதினொன்று. கொல்லைக் கேட்டில், "வெளிய சொன்னே, நாக்கை அறுத்துடுவேன்." பன்னிரண்டு, நாக்கு.

ஒரே தடவைதான் நடந்தேன். புத்தகத்தை மூடி வெற்றுத்தாளில் எழுதினேன். பன்னிரண்டும் வந்தது. நெட்டை அந்தத் தாளைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டாள்.

தேர்வு நாளன்று காலையிலேயே பட்டறை வேனில் வந்து இறங்கினான் அண்ணன். அம்மாவையும் கூட்டி வந்திருந்தான். "பெயிலானதும் கையோட ஏத்திட்டுப் போறதுக்கு" என்றான். தேர்வறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நான் கண்ணை மூடி வாசலிலிருந்து நடந்துகொண்டிருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டான். இடது காதோடு ஒன்று விட்டான். உலகமே ஒரு விசில் ஆயிற்று. அந்த விசிலோடுதான் உள்ளே போனேன்.

தேர்வாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கபால நரம்புகள். வரிசையா, வேலையோட."

நடந்தேன். வாசல், ஹால், பீரோ, படி. எட்டாவதில் மட்டும் ஒரு நொடி நின்றேன். காது இன்னும் இரைந்தது.

"எட்டாவது?"

"கேட்கறதும் சமநிலையும், சார். இப்ப ரெண்டுமே கொஞ்சம் சரியில்லை."

அவர் நிமிர்ந்து என் காதைப் பார்த்தார். சிவந்திருந்திருக்க வேண்டும். குனிந்து மதிப்பெண் போட்டார். சாயங்காலம் பலகையில் என் எண்ணுக்கு நேரே தேர்ச்சி என்று இருந்தது.

"பாஸ்" என்றேன் அண்ணனிடம்.

"யாரு எடுத்துக் குடுத்தா? பொய் சொல்றியாடி?" முடியைப் பிடித்தான். நெட்டை ஓடி வந்தாள், அவளைத் தள்ளிவிட்டான், தூணில் போய் மோதினாள். என் முகத்தில் ஒன்று விழுந்தது, உதடு கிழிந்தது. இரண்டாவதுக்குக் கை ஓங்கினான். என் கையில் அதே ஆயிரத்து இருநூறு பக்கம் இருந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கி அவன் தாடையில் இறக்கினேன். ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. அவன் உட்கார்ந்தான், வாயிலிருந்து பல்லும் ரத்தமுமாகத் தரையில் துப்பினான். பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. இன்னொன்று விடலாம் என்று தூக்கினேன். நெட்டைதான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

காவலாளி போலீசைக் கூப்பிட்டார். நிலையத்தில் அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "அவதான் அடிச்சா, பல்லைப் பாருங்க" என்றான். நியாயம்தான், நான்தான் அடித்தேன். அம்மா பெஞ்சின் ஓரத்தில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பெண் இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "அடிப்பான் அடிப்பான்னு எல்லாரும் சொல்றாங்க. எங்கே, எப்படி? ஒண்ணாவது தெளிவா சொல்லத் தெரியுமா?"

அண்ணன் துண்டுக்குள் சிரித்தான். "அவளுக்கா? காலையில சாப்பிட்டது ஞாபகம் இருக்காது மேடம்."

நான் கண்ணை மூடினேன். வாசல் கேட்டிலிருந்து நடந்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி, ஒவ்வொரு இடத்திலும் நின்று, எந்தக் கை, எதால், எங்கே பட்டது, எந்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே போனேன். காவலர் எழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொல்லைக் கேட்டில் வந்து நின்றபோது அண்ணன் சிரிக்கவில்லை.

காவலர் எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டினார். "சரியா இருந்தா கையெழுத்துப் போடும்மா."

"இல்லை. ஆறாவதை விட்டுட்டீங்க."

அவர் தாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அந்த இடத்துல அம்மா நின்னாங்கன்னு சொன்னே. அவங்களையும் எதுக்கு இழுக்கணும்னு..."

"நின்னாங்க. எழுதுங்க."

எனக்கு அழுகை வந்தது, சொல்லிவிடுகிறேன். அவன் அடித்ததற்கு வந்த அழுகை இல்லை அது. அம்மா எழுந்தாள். "மறந்துடும்மா" என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். மேஜை அருகே வந்து, காவலரின் தாளில் விரலை வைத்தாள்.

"ஆறாவதை எழுதிக்கோங்க. நான் நின்னேன்" என்றாள். பிறகு சேலைத் தலைப்பை விலக்கி, முழங்கைக்கு மேலே கோணலாக ஒட்டியிருந்த எலும்பைக் காட்டினாள். அது படியில் வழுக்கி விழுந்ததில் ஒடிந்தது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தாள்.

"பதிமூணாவதையும் எழுதிக்கோங்க" என்றாள் அம்மா.